காபிப் பழம் கழுவிய தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழ்ப் பழனி மலையில், காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரம் ஓட்டும் சின்ன, நடுத்தரத் தோட்டக்காரர்கள் அறுவடைக் காலத்தில் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. கணக்கு போட வசதியாக எல்லா இடத்திலும் ஒரே தோட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். சீசன் முழுக்க 40 டன் அரபிகா பழம், உச்ச நாளில் 2 டன்.

காபிப் பழம்தானே, மருந்தா கலக்கிறோம்? அதைக் கழுவிய தண்ணீர் எப்படி ஆற்றைக் கெடுக்கும்?

விஷம் இல்லை, சர்க்கரைதான். பழத்தோலிலும், கொட்டையைச் சுற்றியுள்ள வழவழப்பான சதையிலும் சர்க்கரையும் பெக்டினும் நிறைய இருக்கின்றன. அது ஓடையில் கலந்ததும் பாக்டீரியாக்களுக்கு விருந்து. அவை தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்துத் தீர்த்துவிடுகின்றன. மீனும் தண்ணீர்ப் பூச்சிகளும் மூச்சுக்கு வழியில்லாமல் சாகின்றன. இப்படி ஒரு லிட்டர் கழிவுநீர் எவ்வளவு ஆக்சிஜனைக் கேட்கும் என்பதைத்தான் பி.ஓ.டி. என்று அளக்கிறார்கள்.

நல்ல ஓடைத் தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் கரைந்திருக்கும். காபி கழுவிய நீரின் பி.ஓ.டி. சில ஆயிரம் மில்லிகிராம். 3,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒரு லிட்டர் தண்ணீர், ஓடையின் 375 லிட்டரில் உள்ள ஆக்சிஜன் மொத்தத்தையும் குடித்துவிடும். புளிப்பு தனி. ஒரு நாள் கிடந்தாலே பி.எச். 4-க்குப் பக்கம் இறங்கிவிடும், கிட்டத்தட்ட தக்காளிச் சாற்றின் புளிப்பு.

எங்களுடையது சின்னத் தோட்டம். ஒரு நாளைக்கு ரெண்டு டன். இதெல்லாம் ஒரு கணக்கா?

கொலம்பியாவின் சின்சினா ஊரில் இருக்கும் செனிகாஃபே காபி ஆராய்ச்சி நிலையம் இதை அளந்து வைத்திருக்கிறது. ஒரு கிலோ பழத்தின் தோலும் வழவழப்பும் முழுதாகத் தண்ணீரில் கலந்தால், ஏறக்குறைய 115 கிராம் ஆக்சிஜன் கேட்கும். இது சி.ஓ.டி. என்ற அளவு. பி.ஓ.டி.யைவிடக் கூடுதலாகவே காட்டும். இந்த 115-இல் முக்கால் பங்கு தோலிலிருந்து வருகிறது, கால் பங்கு வழவழப்பிலிருந்து.

உங்கள் 2 டன்னுக்குக் கணக்கு போட்டால், வழவழப்பு மட்டுமே 60 கிலோ ஆக்சிஜன் கேட்கும். இதில் பாதியை பி.ஓ.டி. என்று குறைத்தே எடுத்தாலும் 30 கிலோ. ஒரு ஆளின் வீட்டுக் கழிவுநீருக்கு நாளைக்கு 45 கிராம் என்பது நம் நாட்டில் வழக்கமாக எடுக்கும் அளவு. ஆக, உங்கள் கொட்டகையிலிருந்து அன்றைக்கு வெளியேறுவது அறுநூறு, எழுநூறு பேர் வாழும் ஒரு ஊரின் சாக்கடைக்குச் சமம். தோலையும் தண்ணீரில் ஓடவிட்டால் இதைப்போல் இன்னும் பல மடங்கு.

பல்ப்பிங் நடக்கும் காலமும் இதை இன்னும் மோசமாக்குகிறது. நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை போகும். முதலில் மழைத் தண்ணீர் ஓடையில் இருக்கும், கழிவைக் கலைத்துக் கொண்டுபோய்விடும். கடைசி ஒரு மாதம் ஓடை நூலாகிவிடும், கழிவு மட்டும் அதே அளவு.

பல்ப்பருக்கு விடும் தண்ணீரைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். மாசும் பாதியாகிவிட்டதா?

இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள்.

ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டாலும், ஒரு குடம் தண்ணீரில் போட்டாலும் சர்க்கரை இரண்டு கரண்டிதான். தோலும் வழவழப்பும் போய் ஓட்டோடு காயவைத்த கொட்டைதான் பார்ச்மென்ட். பழைய முறையில் ஒரு கிலோ காய்ந்த பார்ச்மென்ட்டுக்கு 40 லிட்டர் வரை தண்ணீர் போகும். 2 டன் பழத்தில் சுமார் 400 கிலோ பார்ச்மென்ட் கிடைக்கும், அதற்கு 16,000 லிட்டர். 60 கிலோ சி.ஓ.டி. அதில் கலந்தால் லிட்டருக்கு 3,750 மில்லிகிராம். அதையே கிலோவுக்கு 5 லிட்டராகக் குறைத்தால் மொத்தத் தண்ணீர் 2,000 லிட்டர், சி.ஓ.டி. 30,000. எட்டில் ஒரு பங்கு தண்ணீர், எட்டு மடங்கு கெட்டி.

அப்புறம் எதற்குக் குறைப்பது? பிடித்து வைப்பதற்கு. 16,000 லிட்டரைத் தினமும் தேக்கி வைக்க எந்தச் சின்னத் தோட்டத்திலும் இடம் கிடையாது, கடைசியில் ஓடைக்குத்தான் போகும். 2,000 லிட்டரைத் தேக்கலாம், சுத்தம் செய்யலாம். ஆனால் தண்ணீரைக் குறைத்துவிட்டு அந்தக் கெட்டி நீரை அப்படியே ஓடையில் விட்டால், முன்பு விட்டதைவிட மோசம். கலைக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

அப்போ முதலில் எதைச் செய்வது?

தோலைத் தண்ணீரில் படவிடாதீர்கள். மாசில் முக்கால் பங்கு தோல் என்று சொன்னேன் இல்லையா, அது தண்ணீரில் கரையாதவரை மாசு கிடையாது, உரம்.

பல கொட்டகைகளில் பல்ப்பருக்குக் கீழே ஒரு கால்வாய் இருக்கும். தோல் அதில் மிதந்து ஐம்பது அடி தள்ளி ஒரு குழியில் போய் விழும். தள்ளிக்கொண்டு போக ஆள் வேண்டாம் என்பதற்காகச் செய்தது. அந்த ஐம்பது அடியில் தோலில் இருக்கும் சர்க்கரை தேநீர் மாதிரி தண்ணீரில் இறங்கிவிடுகிறது. கால்வாயை மூடிவிட்டு, பல்ப்பர் வாயிலேயே சரிவான தகடோ திருகுக் கடத்தியோ வைத்துத் தோலை உலர்வாக வெளியே எடுங்கள். பழத்தைத் தொட்டியிலிருந்து தண்ணீரில் உறிஞ்சிக் கொண்டுவராமல், கொட்டகையை மேட்டில் கட்டிப் பழம் தானாகச் சரிந்து பல்ப்பரில் விழும்படி செய்யலாம். பழம் நன்றாகப் பழுத்திருந்தால் டிஸ்க் பல்ப்பர்கள் பல தண்ணீரே இல்லாமலும் தோலை உரிக்கும். பச்சைக்காய் கலந்தால்தான் தகராறு: தோல் நசுங்கும், கொட்டை வெட்டுப்படும், உடனே ஆள் ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயைத் திறப்பார். எங்கள் கொட்டகையில் தண்ணீர் எங்கே அதிகம் போகிறது என்று பார்த்தபோது, விடை பல்ப்பரில் இல்லை, பழம் பறித்த கையில் இருந்தது.

தோல் குவியலுக்கு மேலே கூரை வேண்டும். மழையில் நனைந்தால் அடியிலிருந்து காப்பிக் கஷாயம் மாதிரி கறுத்த நீர் வடியும், அதுவும் கழிவுநீர்தான். குவியலை ஒருமுறை ஓடைக்கரையில் போட்டுவிட்டு, கால்வாயை மூடியும் ஓடை ஏன் நாறுகிறது என்று நான் இரண்டு வாரம் தேடியிருக்கிறேன்.

ஊறவைத்த காபியைக் கழுவக் குறைந்தது எவ்வளவு தண்ணீர் தேவை?

ஒரு கிலோ காய்ந்த பார்ச்மென்ட்டுக்கு 4 முதல் 5 லிட்டர் போதும். வழவழப்பு இளகுவதற்காக ஊறவைக்கும் தொட்டியிலேயே நான்கு தடவை அலசுவது கொலம்பியச் சிறு விவசாயிகளின் முறை. தொட்டியின் மூலைகளை வளைவாகப் பூசியிருப்பார்கள், காபி ஒட்டி நிற்காது. பழைய தண்ணீரை வடித்துவிட்டு, காபி மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மரத்துடுப்பால் கிளறி, வடிப்பது. இதே மாதிரி நான்கு முறை.

அலசலாம் என்று எப்போது முடிவு செய்வது? ஒரு கைப்பிடி எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. கூழாங்கல் மாதிரி சரசரத்தால் ஆகிவிட்டது. குளிரில் இதற்கு ஒன்றரை நாள்கூட ஆகும். அவசரப்பட்டு அரைகுறையாக ஊறியதைக் கழுவினால் ஐந்தாறு அலசல் தேவைப்படும், போட்ட கணக்கெல்லாம் வீண்.

முதல் இரண்டு அலசலில்தான் அழுக்கின் பெரும்பகுதி வருகிறது. அதைத் தனியாகக் குட்டைக்கு விடுங்கள். மூன்றாவது, நான்காவது அலசல் நீர் ஓரளவு தெளிவாக இருக்கும், அன்றைய அடுத்த தொட்டியின் முதல் அலசலுக்குப் பயன்படும். மறுநாளைக்கு வைக்காதீர்கள். இரவு முழுக்கப் புளித்த தண்ணீர் காபிக்கும் நாற்றத்தைக் கொடுக்கும்.

ஊறவைக்காமலே வழவழப்பைத் தேய்த்து எடுக்கும் இயந்திரம் வாங்கலாமா?

வாங்கலாம், பழம் கணிசமாக இருந்தால். செனிகாஃபே உருவாக்கிய பெகோல்சுப் என்ற அமைப்பில் தண்ணீரில்லாமல் உரிப்பது, இயந்திரத்தில் வழவழப்பைத் தேய்ப்பது, எடுத்த கூழைத் தோலோடு கலப்பது மூன்றும் ஒன்றாக நடக்கும். கிலோ பார்ச்மென்ட்டுக்கு ஒரு லிட்டருக்குள்தான் தண்ணீர். நம் பக்கம் அக்வா வாஷர் என்று சொல்லும் இயந்திரங்களும் இந்த வேலைக்குத்தான், அவை செலவழிக்கும் தண்ணீர் ரகத்துக்கு ரகம் மாறும்.

வெளியே வருவது தண்ணீர் இல்லை, தேன் மாதிரி இழுபடும் கூழ். அதைத் தோல் குவியலில் ஊற்றினால் ஒரு பகுதியைத் தோல் உறிஞ்சும், மீதி வடியும். வடிவதைப் பிடிக்க ஒரு சின்னத் தொட்டி இல்லையென்றால், இயந்திரத்துக்குக் கொடுத்த பணம் பாதி வீண். ஆண்டுக்கு 40 டன் மட்டும் எடுப்பவருக்கு நான் இயந்திரத்தைச் சொல்ல மாட்டேன், நாலு பேர் சேர்ந்தால் சரி.

குட்டை எவ்வளவு பெரிதாக வெட்டுவது?

40 டன் பழத்தில் 8 டன் பார்ச்மென்ட். கிலோவுக்கு 5 லிட்டர் என்றால் சீசன் மொத்தத் தண்ணீரே 40,000 லிட்டர்தான். 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் 80,000 லிட்டர் பிடிக்கும். அதாவது அந்த வருடக் கழிவு முழுவதையும், ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல், ஒரே குட்டையில் வைத்துவிட்டு மழைக்கும் மேலே இடம் விடலாம். பழைய முறையில் இதே தோட்டத்துக்கு 3,20,000 லிட்டர் பிடிக்கும் குட்டை தேவைப்படும்.

அதை இரண்டாகத் தடுத்துக்கொள்ளுங்கள், சின்னது முதலில், பெரியது பிறகு. அடியிலும் பக்கங்களிலும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு கட்டாயம். வெறும் மண் குட்டையில் நீர் மட்டம் தானாக இறங்குவதைப் பார்த்து, “வெயிலில் ஆவியாகிறது” என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. மார்கழிக் குளிரில் என்ன ஆவியாகிறது? கீழே இருக்கும் கிணற்றுக்குப் போகிறது. மழைநீர் குட்டைக்குள் வராதபடி சுற்றிலும் வாய்க்கால் வெட்டுங்கள். மாடும் பிள்ளைகளும் விழாதபடி வேலி வேண்டும், வழுக்கும் விரிப்பில் விழுந்தால் ஏற முடியாது.

சுண்ணாம்பு எப்போது போடுவது, எவ்வளவு?

உடனே போடாதீர்கள். முதல் குட்டையில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுங்கள். பி.எச். 4-க்கு வரும்போது பெக்டின் திரிந்து மேலே மிதந்து, ஆடை மாதிரி கெட்டியான பழுப்புப் படலமாகக் கட்டும். கம்பியை வைத்தால் நிற்கும். அதைச் சல்லடைக் கரண்டியால் வாரி எடுத்துத் தோல் குவியலில் சேர்த்துவிடுங்கள். எடுத்த அளவுக்கு மாசு போய்விட்டது, காசில்லாமல். முதலிலேயே சுண்ணாம்பைக் கொட்டினால் இந்தப் படலம் சரியாகக் கட்டாது, சுண்ணாம்பும் அதிகம் போகும்.

அளவை ஒரு வாளியில் கண்டுபிடிக்கலாம். படலம் எடுத்த நீரில் 10 லிட்டர் எடுத்து, கரைத்த சுண்ணாம்புப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கி, பி.எச். தாளில் 6.5 தாண்டும்வரை பாருங்கள். அதற்கு 15 கிராம் சுண்ணாம்பு பிடித்தது என்றால், 6,000 லிட்டருக்கு 9 கிலோ. புளிப்பு நாளுக்கு நாள் மாறும், போன வருடக் கணக்கை நம்ப வேண்டாம். கட்டியாகப் போட்டால் அடியில் போய்ப் படிந்துவிடும், பால் மாதிரி கரைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

சுண்ணாம்பு போட்டதும் தண்ணீர் கருகருவென்று ஆகிவிட்டதே, தப்பு செய்துவிட்டேனா?

இல்லை. பழத்தோலின் நிறப்பொருள்கள் பி.எச். 7-ஐ ஒட்டிக் கரும்பச்சையாக, பிறகு கறுப்பாக மாறும். புளிப்பாக இருந்தபோது தேநீர் நிறத்தில் ‘நல்லா’ இருந்ததுதான் உண்மையில் மோசமான தண்ணீர். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அளவு மிஞ்சிவிட்டதா என்று மட்டும் தாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம்? எரிவாயு எடுக்கலாம் என்கிறார்களே.

பெரிய குட்டையில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் மீதியைத் தின்னும். அவை காபி நீரில் தானாக வந்து சேர நாளாகும் என்பதால், சீசன் தொடங்கும் முன்பே சாணக் கரைசலை ஊற்றி வையுங்கள். சாணம் இன்னொரு வேலையும் செய்யும்: காபி நீரில் சர்க்கரை நிறைய, தழைச்சத்து குறைவு, சாணம் அதைக் கொஞ்சம் ஈடுகட்டும்.

வேலை நடக்கிறதா என்பதைக் கண்ணாலும் மூக்காலும் தெரிந்துகொள்ளலாம். சின்னச் சின்னக் குமிழ் சீராக வந்தால் நல்லது. குமிழ் நின்று, புளித்த வாந்தி வாடை அடித்தால் குட்டை புளித்துவிட்டது, பாக்டீரியா செத்துக்கொண்டிருக்கிறது. புது நீர் விடுவதை நிறுத்திவிட்டு, சுண்ணாம்புப் பாலும் சாணமும் போட்டுக் காத்திருக்க வேண்டும். உச்ச நாளில் இரண்டு நாள் நீரை ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் இது நடக்கும். தினமும் ஒரே அளவாக விடுவதுதான் இதற்கு மருந்து. மலைக் குளிரில் வேலை மெதுவாகத்தான் நடக்கும், சமவெளிக் கணக்கில் மூன்று வாரம் என்றால் இங்கே இன்னும் கூடுதலாக விடுங்கள்.

வாயுவைப் பற்றி: ஒரு கிலோ சி.ஓ.டி. சிதைந்தால் அதிகபட்சம் 0.35 கன மீட்டர் மீத்தேன். 60 கிலோவில் 80 சதவீதம் சிதைந்தால் 17 கன மீட்டர், ஒரு சமையல் சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைவு. உச்ச நாளுக்கு இது பெரிய விஷயம்தான். ஆனால் மூடிய கலன், குழாய், அடுப்பு என்று செலவழித்துவிட்டு வருடத்தில் ஒன்பது மாதம் காபி நீர் இல்லாமல் கிடக்கும். மாடு இருப்பவருக்குச் சாணத்தோடு சேர்த்து ஓட்டினால் கட்டுபடியாகும். இல்லாதவருக்கு விரித்த குட்டையே போதும்.

கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடி போட்டால் குட்டையே வேண்டாமாமே?

60 கிலோ சி.ஓ.டி.யை ஒரு பாக்கெட் பொடி மாயமாக்காது. எந்த நுண்ணுயிருக்கும் நாளும் இடமும் வேண்டும், அந்த இடத்தின் பெயர்தான் குட்டை. பி.எச். 4-இல் ஊற்றினால் பொடியில் இருப்பதில் பலவும் பிழைக்காது.

நேராகக் காபிச் செடிக்கே பாய்ச்சிவிடலாமா?

பச்சையாகக் கூடாது. புளிப்பு வேரை வாட்டும், மண்ணில் காற்று அடைபடும், சர்க்கரையைத் தின்னும் பாக்டீரியா செடிக்கு வேண்டிய தழைச்சத்தையும் பிடித்துக்கொள்ளும். வாய்க்கால் முகப்பில் இருக்கும் நாலைந்து செடி மஞ்சளாவதில் இது தெரியும். பி.எச். சரிசெய்து, குட்டையில் தங்கி, குமிழ் அடங்கிய நீரை பிப்ரவரி, மார்ச் வெயிலில் நல்ல தண்ணீரோடு கலந்து பரவலாகப் பாய்ச்சலாம். சாம்பல் சத்து அதில் இருக்கிறது. ஒரே இடத்தில் தேங்கவிடாமல் நாளுக்கு ஒரு வரிசையாக மாற்றுங்கள், ஓடையிலிருந்து தள்ளியே நில்லுங்கள்.

சட்டம் என்ன எண் கேட்கிறது?

நம் நாட்டின் பொது அளவுகோலில் ஆறு, ஓடையில் விடும் நீருக்கு பி.ஓ.டி. 30, நிலத்தில் பாய்ச்சுவதற்கு 100. பல்ப்பர் நீர் ஆயிரங்களில் இருப்பதை நினைத்தால், ஓடையில் விடும் பேச்சே எடுக்க முடியாது. குட்டையை மட்டும் வைத்து 30-க்கு இறக்குவேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓடைக்கு எதுவும் போகாதபடி அமைப்பதுதான் சின்னத் தோட்டத்துக்கு நடைமுறை. உங்கள் கொட்டகைக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கொடுக்கும் அனுமதிக் கடிதத்தில் என்ன எண் இருக்கிறதோ அதை வைத்தே வேலை செய்யுங்கள்.

சோதனைச்சாலைக்குப் போகாமல் ஓடை கெட்டிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கல்லைப் புரட்டுங்கள். கொட்டகைக்கு மேலே ஓர் இடம், கீழே நூறு மீட்டரில் ஓர் இடம். மேலே இருக்கும் கல்லின் அடியில் மூன்று வால் கொண்ட குட்டிப் பூச்சிகள் ஓடும், ஈசல் மாதிரி பறக்கும் மே ஈயின் குஞ்சுகள் அவை. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் காணாமல் போகிறவற்றில் அவையும் உண்டு. கீழே இருக்கும் கல்லில் அவை இல்லாமல், நனைந்த பஞ்சு மாதிரி சாம்பல் நிறக் கொழகொழப்பு ஆடிக்கொண்டிருந்தால், எங்கிருந்தோ சர்க்கரை வருகிறது என்று அர்த்தம். அதைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள், வாடை தெரியும்.

விடியற்காலையில் போய்ப் பாருங்கள். இரவில் பாசி ஆக்சிஜன் கொடுக்காது, அதனால் தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும் நேரம் அதுதான். மீன் மேலே வந்து வாய் திறப்பதும் அப்போதுதான். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிடுவார்.